ஒரு டாலர் குறைந்த விலைப்பட்டியல்: ஃபார்முலாவை இழுத்தபோது என்ன நடந்தது

ஈரோட்டில் என் மாமா ஒருவர் துண்டு, வேட்டி, போர்வை மொத்த வியாபாரம் செய்கிறார். சின்னக் கடைதான். கணக்குப் பார்க்க ஒரு தம்பி இருக்கிறான், பன்னிரண்டாவது முடித்தவன், கை வேகம், கேட்டதைச் செய்துவிடுவான். பழைய விலைப்பட்டியலை ஒவ்வொரு முறையும் கால்குலேட்டரில் தட்டித் தட்டிப் போட்டுக்கொண்டிருந்ததை விட்டு எக்செலில் போடலாம் என்று அவன்தான் சொன்னான், அவனேதான் போட்டான். அதில் ஒரே ஒரு டாலர் குறி விட்டுப்போனதால் என்ன ஆனது, அது ஏன் இரண்டு வாரம் யார் கண்ணிலும் படவில்லை என்பதை விலாவாரியாக எழுதுகிறேன். செல் முகவரியில் டாலர் எதற்கு என்று படித்திருப்போம், தேர்வில்கூட எழுதியிருப்போம். ஆனால் அது தவறும்போது ஷீட் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு.

முதலில் ஷீட்டைச் சொல்லிவிடுகிறேன், இது மனதில் நின்றால்தான் மற்றது புரியும். A1-இல் "கட்டுக்கூலி" என்று எழுதி B1-இல் 12. ஒரு டஜனுக்குக் கட்டி அனுப்பும் செலவு அது, எந்தச் சரக்காக இருந்தாலும் பன்னிரண்டு ரூபாய்தான். நான்காவது வரிசை தலைப்பு வரிசை: B4-இல் "அடிப்படை விலை" என்ற எழுத்து, C4, D4, E4 மூன்றிலும் தள்ளுபடி, முறையே 4%, 7%, 10%. பத்து டஜன் வரை வாங்கினால் முதல் தள்ளுபடி, இருபத்தைந்து வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. ஐந்தாவது வரிசையிலிருந்து சரக்கு: சின்னத் துண்டு டஜன் 360, பெரிய துண்டு 540, வேட்டி 1500, போர்வை 2400. இந்த விலைகள் B5-லிருந்து B8 வரை. உண்மையான பட்டியலில் நாற்பது சரக்குக்கு மேல் உண்டு, இங்கே நான்கு போதும்.

வேண்டியது எளிய கணக்கு. அடிப்படை விலையில் தள்ளுபடியைக் கழித்து, கட்டுக்கூலியைச் சேர்க்க வேண்டும். தம்பி C5-இல் போட்டது இது:

```
=B5*(1-C4)+B1
```

360-இல் 4% போக 345.60, அதோடு 12, ஆக 357.60. சரியான விடை. அவனும் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்திருக்கிறான், சரியாக இருக்கவும் செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் B5 என்று எழுதும்போது மனதில் நினைப்பது "B5 என்ற அந்தப் பெட்டி". எக்செல் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. C5-இல் உட்கார்ந்துகொண்டு B5 என்றால் அதற்கு "எனக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் செல்" என்று பொருள். C4 என்றால் "எனக்கு நேர் மேலே இருப்பது". B1 என்றால் "ஒரு நெடுவரிசை இடது, நான்கு வரிசை மேலே". காப்பி செய்யும்போது முகவரி காப்பியாவதில்லை, இந்தத் தூரம்தான் காப்பியாகிறது. பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்வது மாதிரிதான்: நீங்கள் வீடு மாறினால் பக்கத்து வீட்டுக்காரரும் வேறு ஆள். இதைத்தான் ரிலேடிவ் என்கிறார்கள், தமிழில் சார்பு முகவரி என்று சொல்லலாம்.

அதனால் கீழே இழுத்ததும் C6-இல் விழுந்தது `=B6*(1-C5)+B2`. B6 சரி, பெரிய துண்டின் விலை. ஆனால் "நேர் மேலே இருப்பது" இப்போது தள்ளுபடி இல்லை, C5-இல் இருக்கும் 357.60. அதாவது 540-ஐ (1-357.60)-ஆல் பெருக்கியிருக்கிறது. விடை -1,92,564. ஒரு டஜன் துண்டுக்கு நாம் வாங்குபவருக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் கொடுக்க வேண்டும் என்கிறது ஷீட். அதற்குக் கீழே C7-இல் அந்த எதிர்மறை எண்ணே தள்ளுபடியாகப் போய் உட்கார்ந்து, வேட்டி விலை 28,88,47,500. C8-இல் `#VALUE!`, ஏனென்றால் கட்டுக்கூலி வழுக்கி வழுக்கி B4-க்கு வந்துவிட்டது, அங்கே "அடிப்படை விலை" என்ற எழுத்து இருக்கிறது, எண்ணோடு எழுத்தைக் கூட்ட முடியாது.

நடுவில் ஒன்றைக் கவனியுங்கள். C6-இல் கட்டுக்கூலி B2-க்கு நகர்ந்தது, B2 காலி. காலி செல்லைக் கணக்கில் சேர்த்தால் எக்செல் குறை சொல்லாது, சுழியம் என்று எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். அந்த வரியில் தள்ளுபடிப் பிழை இல்லாமல் கட்டுக்கூலிப் பிழை மட்டும் இருந்திருந்தால், பன்னிரண்டு ரூபாய் குறைவாக ஒரு நல்ல விலை தெரிந்திருக்கும், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. பெரிய பிழை கூட இருந்ததால்தான் சின்னப் பிழையும் மாட்டியது.

சரி, தம்பி பயந்துபோய் யூடியூபில் தேடியிருக்கிறான். டாலர் குறி போட்டால் செல் நகராது என்று ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு இடத்தில் போட்டான். கட்டுக்கூலியை `$B$1` ஆக்கினான், அது எப்போதும் அங்கேயேதான் இருக்க வேண்டும். தள்ளுபடிக்கு `C$4`, ஏனென்றால் வரிசை நகரக் கூடாது, ஆனால் வலப்பக்கம் போகும்போது D4, E4 என்று மாற வேண்டும். இந்த அளவுக்குத் தானே யோசித்தான் என்பதே எனக்குச் சந்தோஷம். ஃபார்முலா இப்போது:

```
=B5*(1-C$4)+$B$1
```

கீழே இழுத்தான். 357.60, 530.40, 1452, 2316. நான்கும் சரி, நானே போட்டுப் பார்த்தேன், அட்சரம் பிசகவில்லை. அப்புறம் C5-லிருந்து C8 வரை தேர்ந்தெடுத்து வலப்பக்கம் E வரைக்கும் இழுத்தான். சின்னத் துண்டு வரிசையில் 357.60, 344.57, 322.11 என்று வந்தது. தள்ளுபடி கூடக் கூட விலை இறங்குகிறது, எந்த எண்ணும் பைத்தியக்காரத்தனமாக இல்லை. பிரிண்ட் எடுத்து மாமாவிடம் கொடுத்துவிட்டு வாட்ஸ்அப்பிலும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கடைக்காரர் முப்பது டஜன் போர்வைக்கு ஆர்டர் கொடுத்தார், பட்டியலில் இருந்த விலையைச் சொல்லி, 1961 ரூபாய் 29 காசு. பில் போடும்போது மாமாவுக்குத்தான் உறுத்தியிருக்கிறது. எனக்குப் போன் செய்தார்.

"ஏங்கண்ணு, ரெண்டாயிரத்து நானூறுல பத்து பர்சென்ட் போனா ரெண்டாயிரத்து நூத்தி அறுபது. கூலி பன்னெண்டு. ரெண்டாயிரத்து நூத்தி எழுபத்திரண்டு வரோணும். இது ஆயிரத்துத் தொள்ளாயிரம்னு காட்டுது, மிசின் தப்பாப் போடுமா?"

"மிசின் தப்பாப் போடாது மாமா, E8-ல ஃபார்முலா என்ன இருக்குதுன்னு தம்பியப் பாக்கச் சொல்லுங்க."

தம்பி படித்துக் காட்டினான்: `=D8*(1-E$4)+$B$1`.

அவ்வளவுதான் விஷயம். இருக்க வேண்டியது B8, இருப்பது D8. வலப்பக்கம் இழுத்தபோது அடிப்படை விலையும் கூடவே நகர்ந்திருக்கிறது. B5-க்கு முன்னால் டாலர் இல்லை, அதனால் அது இன்னும் "எனக்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பது" தான். D நெடுவரிசைக்கு இடப்பக்கம் இருப்பது அடிப்படை விலை இல்லை, 4% தள்ளுபடி போக, கட்டுக்கூலி சேர்த்த C விலை. அதன்மேல் 7% கழித்து, மறுபடி கட்டுக்கூலி. E-க்குப் போனால் அந்த விலைமேல் இன்னொரு 10%, மூன்றாவது தடவை கட்டுக்கூலி. போர்வைக்கு 2172 வர வேண்டிய இடத்தில் 1961.29. டஜனுக்கு 210 ரூபாய் 71 காசு குறைவு, முப்பது டஜனுக்கு 6,321 ரூபாய். 10% தள்ளுபடி என்று போட்டுவிட்டு உண்மையில் கிட்டத்தட்ட 19% கொடுத்திருக்கிறோம்.

இது ஏன் கண்ணில் படவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, அதை முதல் வரிசையை வைத்தே பார்க்கலாம். சின்னத் துண்டுக்கு D5-இல் வர வேண்டியது 346.80, வந்தது 344.57. வித்தியாசம் 2 ரூபாய் 23 காசுதான். ஏன் இவ்வளவு குறைவு? ஒரு பக்கம் 4% தேவையில்லாமல் கழிந்திருக்கிறது, 360-இல் அது 14.40. இன்னொரு பக்கம் கட்டுக்கூலி 12 தேவையில்லாமல் ஒரு தடவை கூடியிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய அடித்துவிட்டது, மிச்சம் 2.40, அதில் 7% போக 2.23. இரண்டு பிழை சேர்ந்து ஒரு நல்ல எண்ணைக் கொடுத்திருக்கிறது. போர்வையில் அதே 4% என்பது 96 ரூபாய், கட்டுக்கூலி அதே 12-தான், அதனால் அங்கே ஈடுகட்ட முடியவில்லை, D8-இல் 78 ரூபாய் 12 காசு குறைந்துவிட்டது. பட்டியலைச் சரிபார்க்கிறோம் என்று உட்காருபவர்கள் பொதுவாக முதல் வரிசையைப் பார்ப்பார்கள், முதல் ஒன்றிரண்டு நெடுவரிசையைப் பார்ப்பார்கள். இந்த ஷீட்டில் அந்த மூலைதான் மிகச் சரியாக இருக்கிறது. பிழை முழுக்க வலது கீழ் மூலையில், விலை கூடின சரக்கும் அளவு கூடின ஆர்டரும் சந்திக்கிற இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தம்பி என்னிடம் கேட்ட முதல் கேள்வி நல்ல கேள்வி. "அண்ணா, தப்பா இருந்தா செல் மூலையில பச்சை முக்கோணம் வருமே, ஏன் வரல?" அந்த முக்கோணம் பல காரணத்துக்கு வரும், அதில் ஒன்று, பக்கத்துச் செல்களில் இருக்கும் ஃபார்முலாவோடு இது ஒத்துப்போகவில்லை என்றால். இங்கே ஒத்துப்போகிறது. பன்னிரண்டு செல்லிலும் இருப்பது அச்சு அசலாக ஒரே ஃபார்முலா. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது: File > Options > Formulas போய் R1C1 reference style என்பதை டிக் செய்தால் முகவரிகள் எழுத்தும் எண்ணுமாக இல்லாமல் தூரமாகத் தெரியும். செய்துகாட்டினேன். C5, D6, E8, எதைத் தொட்டாலும் இதே வரி:

```
=RC[-1]*(1-R4C)+R1C2
```

RC[-1] என்றால் இதே வரிசை, ஒரு நெடுவரிசை இடது. R4C என்றால் நான்காவது வரிசை, இதே நெடுவரிசை. R1C2 என்றால் முதல் வரிசை இரண்டாவது நெடுவரிசை, நிலையாக. சதுர அடைப்புக்குள் எண் இருந்தால் அது தூரம், அடைப்பில்லாமல் இருந்தால் அது நிலையான இடம். காப்பி செய்தபோது எக்செல் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, சொன்னதை அப்படியே பன்னிரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது. நாம் A1 பாணியில் பார்ப்பதால் "B5 வந்து C5 ஆயிடுச்சு, D5 ஆயிடுச்சு" என்று தோன்றுகிறது, உண்மையில் எதுவும் ஆகவில்லை. சரியான ஃபார்முலாவை இதே பாணியில் பார்த்தால் RC[-1] இருக்கும் இடத்தில் RC2 இருக்கும், வித்தியாசம் அது ஒன்றுதான். தம்பிக்கு அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது, அதுவரை நான் பதினைந்து நிமிடம் கையை ஆட்டிச் சொன்னதில் புரியவில்லை. பார்த்து முடித்ததும் டிக்கை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே A, B, C இருக்கிற இடத்தில் 1, 2, 3 என்று தெரிந்து அடுத்து வருபவர் குழம்பிப்போவார்.

திருத்தம் சின்னது:

```
=$B5*(1-C$4)+$B$1
```

மூன்று முகவரி, மூன்றுக்கும் மூன்று விதமான டாலர். டாலர் தனக்கு அடுத்து நிற்பதை மட்டும்தான் பிடித்துவைக்கும். எழுத்துக்கு முன்னால் நின்றால் நெடுவரிசை நகராது, எண்ணுக்கு முன்னால் நின்றால் வரிசை நகராது. `$B5` வலப்பக்கம் எவ்வளவு இழுத்தாலும் B-யிலேயே இருக்கும், கீழே இழுத்தால் B6, B7 என்று தன் வரிசையோடு போகும். `C$4` அதற்கு நேர்மாறு. `$B$1` எங்கும் போகாது, அதுதான் அப்சல்யூட். முதல் இரண்டையும் மிக்ஸ்டு என்பார்கள், பாதி நிலை, பாதி நகர்வு. கீழ்நோக்கி மட்டுமோ வலப்பக்கம் மட்டுமோ இழுக்கிற ஷீட்டுக்கு மிக்ஸ்டு இல்லாமலே ஒப்பேற்றிவிடலாம், வெறும் `$B$1` போதும். இரண்டு திசையிலும் இழுக்கிற கட்டம் என்றால் அது இல்லாமல் நடக்கவே நடக்காது.

தம்பியின் பாதிப் பிழை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். முதலில் கீழே இழுத்தான், கீழே இழுத்தபோது தெரிந்த பிழைகளைத் திருத்தினான். கீழே இழுக்கும்போது B5 என்று இருந்தாலும் `$B5` என்று இருந்தாலும் விடை ஒன்றுதான், நெடுவரிசை மாறாதபோது நெடுவரிசை டாலருக்கு வேலையே இல்லை. ஆகவே அந்த டாலர் இல்லாததைக் கீழ்நோக்கிய சோதனையால் எத்தனை முறை செய்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு திசையில் திருத்திய ஃபார்முலாவை இன்னொரு திசையில் நம்பி இழுத்ததுதான் நடந்தது. இதற்கு நான் அவனுக்குச் சொன்னது, எழுதும்போதே ஒவ்வொரு முகவரியிடமும் இரண்டு கேள்வி கேள். நான் கீழே போனால் நீ கீழே வரணுமா? நான் வலப்பக்கம் போனால் நீ கூட வரணுமா? வரக் கூடாது என்றால் அந்தப் பாதிக்கு டாலர். அடிப்படை விலை: கீழே வரணும், வலப்பக்கம் வரக் கூடாது, `$B5`. தள்ளுபடி: கீழே வரக் கூடாது, வலப்பக்கம் வரணும், `C$4`. கட்டுக்கூலி: இரண்டும் வேண்டாம், `$B$1`.

இந்தக் கேள்வியை ஒரு காலத்தில் மென்பொருளே கேட்டது. 1979-இல் டேன் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் கொண்டுவந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளில் ஃபார்முலாவைப் பல இடத்துக்குப் பரப்பும்போது ஒவ்வொரு முகவரியிலும் நின்று, இது மாறாமல் இருக்கவா, இடத்துக்கு ஏற்ப மாறவா என்று கேட்கும், N அல்லது R என்று அழுத்த வேண்டும். பெரிய ஃபார்முலா என்றால் எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். இப்போது அந்தப் பதிலை முன்கூட்டியே டாலராக ஃபார்முலாவுக்குள் எழுதிவைக்கிறோம், வேகம் கூடிவிட்டது, ஆனால் நாம் பதில் சொல்ல மறந்தால் கேட்க ஆளில்லை.

டாலரைக் கையால் அடிக்க வேண்டியதில்லை. ஃபார்முலாவில் B5 மேல் கர்சரை வைத்து F4 அழுத்தினால் `$B$5`, மறுபடி அழுத்தினால் `B$5`, மூன்றாவது தடவை `$B5`, நான்காவது தடவை பழையபடி `B5`. சில லேப்டாப்பில் Fn-ஐயும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். கடையில் இருந்த லேப்டாப்பில் அப்படித்தான், தம்பி வெறும் F4 அழுத்தி ஒலி கூடிக் குறைந்துகொண்டிருந்தது. இதில் ஒரு கவனம்: ஃபார்முலா முழுவதையும் தேர்ந்தெடுத்துவிட்டு F4 அழுத்தினால் எல்லா முகவரிக்கும் ஒரே மாதிரி டாலர் விழும். என் எதிரிலேயே அவன் அப்படிச் செய்து இழுத்தான், பன்னிரண்டு செல்லிலும் 357.60. இந்தப் பிழை ஆபத்தில்லாதது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். டாலர் கூடிப்போனால் எண்கள் ஒன்றுபோல நின்றுவிடும், டாலர் குறைந்துபோனால்தான் எண்கள் நகர்ந்து நம்பும்படி இருக்கும்.

சரிபார்க்க நான் செய்வது இரண்டு. ஒன்று, இழுத்து முடித்ததும் வலது கீழ் மூலைச் செல்லுக்குப் போய் F2 அழுத்துவது. ஃபார்முலாவில் இருக்கும் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு வண்ணம், அந்தந்தச் செல்லைச் சுற்றி அதே வண்ணத்தில் கட்டம். E8-இல் அழுத்தினால் கட்டங்கள் B8, E4, B1 மூன்றிலும் நிற்க வேண்டும். பழைய ஷீட்டில் ஒரு கட்டம் D8-இல் நின்றது. இடது மேல் மூலையைச் சோதிப்பதில் பயனில்லை, அது நாமே எழுதியது, சரியாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமென்றால் Ctrl-ஐயும் Esc-க்குக் கீழே இருக்கும் ` விசையையும் சேர்த்து அழுத்தினால் விடைகளுக்குப் பதில் ஃபார்முலாக்கள் தெரியும்.

இரண்டாவது, தெரிந்த விடை வரும்படி எண்ணை மாற்றிப் பார்ப்பது. இதில் நானே முதலில் போட்ட சோதனை பலிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தள்ளுபடி மூன்றையும் 0% ஆக்கி, கட்டுக்கூலியையும் 0 ஆக்கினேன், எல்லா நெடுவரிசையிலும் அடிப்படை விலை வர வேண்டும் என்று. பிழையான ஷீட்டிலும் அழகாக வந்தது, ஏனென்றால் B-யை C அப்படியே எடுக்க, C-யை D அப்படியே எடுக்க, கைமாற்றிக் கைமாற்றி அதே 360 போய்ச் சேர்ந்தது. சுழியம் போட்டுச் சோதிப்பது பிழையை மூடிவிடும். அப்புறம் கட்டுக்கூலியைப் பழையபடி 12 வைத்து, மூன்று தள்ளுபடியையும் 10% ஆக்கினேன். தள்ளுபடி ஒன்றாக இருந்தால் மூன்று விலையும் ஒன்றாக இருக்க வேண்டும், சின்னத் துண்டுக்கு மூன்றிலும் 336. பிழையான ஷீட்டில் 336, 314.40, 294.96 என்று படியிறங்கியது. மாமா கணக்கே பார்க்காமல் "இது எதுக்கு இறங்குது?" என்று கேட்டார்.

அதே கோப்பில் பில் போடும் ஷீட்டும் இருந்தது, அதையும் திறந்து பார்த்தேன். சரக்குப் பெயரைக் கொடுத்தால் Rate என்ற விலைப்பட்டியல் ஷீட்டிலிருந்து விலையை எடுத்துத் தரும் வரி:

```
=VLOOKUP(A2,Rate!A5:E8,5,FALSE)
```

இதிலும் அதே கதை. அடுத்த வரியில் தேடும் இடம் `A6:E9` ஆகிவிடும், மூன்றாவது வரியில் `A7:E10`. பட்டியல் மேலிருந்து தேய்ந்துகொண்டே வரும். பில்லின் முதல் வரியில் சின்னத் துண்டு இருந்தால் விலை வரும், இரண்டாவது வரியில் அதே சின்னத் துண்டைப் போட்டால் `#N/A`. போர்வை கடைசியில் இருப்பதால் நான்கு வரி வரை தாங்கும். தம்பி இதை "சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது" என்று புரிந்துவைத்திருந்தான், `#N/A` வரும் இடத்தில் விலையைக் கையால் அடித்திருக்கிறான். `Rate!$A$5:$E$8` என்று போட்டதும் நின்றுவிட்டது. கையால் அடித்த விலைகளைத் தேடித்தேடி அழித்துவிட்டு ஃபார்முலாவை மறுபடி இறக்குவதற்குத்தான் அரை மணி நேரம் ஆனது.

எல்லாம் முடிந்ததும் மாமா மேலே கடைப் பெயர் வர வேண்டும் என்றார். தம்பி முதல் வரிசைக்கு மேலே ஒரு வரிசை நுழைத்தான். உடனே என்னைக் கூப்பிட்டான், முகம் வெளிறிவிட்டது. "அண்ணா, டாலர் போட்டும் மாறிடுச்சு." பழைய C5 இப்போது C6 ஆகிவிட்டது, அதில் `=$B6*(1-C$5)+$B$2` என்று இருந்தது.

மாறத்தான் வேண்டும். டாலர் என்பது காப்பி செய்யும்போது மட்டும் பேசுகிற குறி. செல்லே இடம் பெயர்ந்தால் எக்செல் அந்தச் செல்லைப் பின்தொடர்ந்து போகும், டாலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கட்டுக்கூலி 12 இப்போது B2-இல் இருக்கிறது, ஃபார்முலாவும் B2-ஐக் காட்டுகிறது, விலை ஒரு காசு மாறவில்லை. அதேபோல B2-ஐ கட் செய்து H1-இல் ஒட்டினால் எல்லா ஃபார்முலாவும் `$H$1` என்று தானே மாறிக்கொள்ளும். ஆனால் காப்பி செய்து H1-இல் ஒட்டிவிட்டு, அப்புறம் B2-ஐ அழித்தால் ஃபார்முலாக்கள் காலியான B2-ஐயே பார்த்துக்கொண்டிருக்கும், கட்டுக்கூலி சுழியமாகி எல்லா விலையும் பன்னிரண்டு ரூபாய் குறையும், எந்த எச்சரிக்கையும் வராது. ஃபார்முலா உள்ள செல்லுக்கும் இதே வேறுபாடுதான்: காப்பி செய்தால் தூரத்தைக் கொண்டுபோகும், கட் செய்தால் முகவரியை அப்படியே கொண்டுபோகும். இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் டாலரைப் பூட்டு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், பிறகு வரிசை நுழைத்ததும் பூட்டு உடைந்துவிட்டதாகப் பதறுகிறார்கள்.

கட்டுக்கூலி போல ஒரே ஒரு இடத்தில் இருக்கும் எண்ணுக்குப் பெயர் வைத்துவிடுவது எனக்குப் பிடிக்கும். B2-ஐத் தொட்டு, ஃபார்முலா பட்டைக்கு இடப்பக்கம் செல் முகவரி தெரிகிற பெட்டியில் kooli என்று அடித்து Enter. அப்படி வைத்த பெயர் எங்கே காப்பி செய்தாலும் அதே செல்லைத்தான் காட்டும்.

```
=$B6*(1-C$5)+kooli
```

படிப்பவருக்கும் அது எந்த எண் என்று தெரிகிறது. மற்ற இரண்டு முகவரிக்கும் இது உதவாது, அவை நகர வேண்டியவை, அங்கே டாலரை யோசித்துத்தான் போட வேண்டும்.

அந்தப் போர்வை ஆர்டரை மாமா பட்டியல் விலைக்கே அனுப்பிவிட்டார். "நாம எழுதிக் கொடுத்த விலை, நாமதான் நிக்கோணும்" என்றார். திருத்திய பட்டியலைப் புதுத் தேதி போட்டு எல்லோருக்கும் அனுப்பினோம். தம்பி அனுப்புவதற்கு முன்னால் நாற்பது வரிசையின் கடைசிச் செல்லுக்குப் போய் F2 அழுத்தி, வண்ணக் கட்டங்கள் எங்கே நிற்கின்றன என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினான்.